கூட்டத்தில் ஒரு குரல் எழும்பினால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சை எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு திருக்குறள், நடுவில் கொஞ்சம் புள்ளிவிவரம், முடிவில் நன்றி என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஆனால் பேச்சின் நடுவே பின்வரிசையிலிருந்து "நிறுத்துங்கய்யா! எத்தனை வருஷமா இதையே சொல்லுவீங்க?" என்று ஒரு குரல் வந்தால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். மறுநாள் ஊர் பேசுவது நம் திருக்குறளைப் பற்றி அல்ல. வாயில் வந்த அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

நிகழ்ச்சி படைப்பவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்வேன். நேரலையில் நாங்கள் இயல்பாகப் பேசுவதுபோல் தெரியும் பல வாக்கியங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டவை. தொலைபேசி இணைப்பு அறுந்தால் என்ன சொல்வது, விருந்தினர் கோபித்துக்கொண்டு எழுந்தால் என்ன சொல்வது என்பதெல்லாம் தாளில் இருக்கும். எழுதி வைத்ததால்தான் பதற்றமில்லாமல் சொல்ல முடிகிறது. பொதுக்கூட்டத்திற்கும் இதே வேலையைச் செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று நம் நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கூட்டம் ஒன்றை வைத்துப் பார்க்கப் போகிறோம்.

ஒரு மைக், ஒரு மாணவி

அதற்கு முன், நம் நாட்டில் நடந்து எல்லோரும் பார்த்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்த வேண்டும். 2012 டிசம்பர் 8ஆம் தேதி, கெடா சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் அரசியலும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. கேள்வி நேரத்தில் கே.எஸ். பவானி என்ற சட்டத்துறை மாணவி எழுந்தார். மற்ற சில நாடுகளில் இலவசக் கல்வி கொடுக்க முடிகிறபோது மலேசியாவில் ஏன் முடியாது என்று கேட்டார். நிகழ்ச்சியை நடத்திய ஷரிஃபா சொஹ்ரா ஜபீன், மாணவியின் அருகில் வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "லிசன், லிசன், லிசன்" என்று அடுக்கிக்கொண்டே போனார். பிடிக்காவிட்டால் அந்த நாடுகளுக்கே போகலாம் என்றார். விலங்குகளுக்கும் பிரச்சினைகள் உண்டு என்று பேச்சு எங்கோ போனது.

அரங்கத்திற்குள் அன்று கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆனால் 2013 ஜனவரியில் அந்த ஒளிப்பதிவு இணையத்தில் பரவியபோது நாடே அதைப் பார்த்தது. "லிசன்" என்ற சொல் கேலிப்பாட்டானது. சட்டைகளில் அச்சடிக்கும் வாசகமானது. கருத்தரங்கில் மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கேள்வி கேட்ட மாணவியோ அரசியலுக்கு வந்து, 2025 ஏப்ரலில் ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் மலேசிய சோசலிசக் கட்சி வேட்பாளராக நின்றார்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த மாணவி கூச்சல் போடவில்லை. மைக்கில் முறைப்படி கேட்டார். மேடைதான் அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டது. "இலவசக் கல்வி ஏன் இல்லை என்று கேட்கிறார். அதற்கான செலவுக் கணக்கு இப்போது என்னிடம் இல்லை. குழுவில் யாரிடம் இருக்கிறதோ அவர் பதில் சொல்லட்டும்" என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ஒளிப்பதிவை யார் பரப்பியிருப்பார்கள்? பல்கலைக்கழக அரங்கத்திலேயே இப்படி என்றால், எதிரே இருப்பவர்களின் வீடும் வேலையும் போகப்போகிற ஒரு தோட்டக் கூட்டத்தில் நிலைமை இன்னும் கடினம்.

தோட்டத்துக் கூட்டம் வேறு மாதிரி

நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்டங்களாக இருந்த நிலம் எப்படி வீடமைப்புப் பகுதிகளாக மாறியது என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். தோட்டம் கைமாறுகிறது என்ற செய்தி வந்தவுடன் கோயில் மண்டபத்திலோ பழைய பெரட்டுக் களத்திலோ ஒரு கூட்டம் கூடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சுக்குப் புதியவர்கள் அல்லர். பி.பி. நாராயணன் போன்றவர்கள் இந்த மாநிலத்துத் தோட்டங்களில் சங்கம் வளர்த்த காலத்திலிருந்து, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதிலிருந்து, மூன்று தலைமுறையாக மேடைப் பேச்சு கேட்டவர்கள். எது பதில், எது மழுப்பல் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, நகரத்து அரங்கில் குறுக்கே கத்துகிறவர் யாரோ ஒருவர். தோட்டத்தில் அவர் உங்கள் அப்பாவோடு பால்மரம் வெட்டியவர். உங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். அவரை ஒரு நகைச்சுவைத் துணுக்கால் மடக்கினால் கூட்டம் சிரிக்கும். ஆனால் அவர் குடும்பம், அவர் லயம், அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அன்றே உங்களைவிட்டு விலகிவிடுவார்கள். மேலைநாட்டு மேடைப் பேச்சுப் புத்தகங்களில் மடக்கிப் பேசும் பதில்களை நிறைய கொடுத்திருப்பார்கள். தோட்டத்துக்கு அவை உதவாது என்பது என் கருத்து.

கேள்விகளைத் தேடிப் போக வேண்டும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டம் விற்கப்படப் போகிறது. குடியிருப்பாளர் குழுவின் செயலாளர், முப்பது வயது இளைஞர், ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்தில் பேசப் போகிறார். வேலை நிறுத்த இழப்பீடு, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை பற்றி இருபது நிமிடம் பேச எழுதி வைத்திருக்கிறார்.

அவர் முதலில் செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேரைப் போய்ப் பார்ப்பது. கோயில் பொருளாளர், ஒரு மண்டோர், ஆயாக் கொட்டகையில் வேலை செய்த ஓர் அம்மா, வேலையை விட்டு நின்றுவிட்ட ஒரு பெரியவர், குழுவைப் பிடிக்காத ஒருவர். "உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார்கள். அதனால் வேறு விதமாகக் கேட்க வேண்டும்: "ஞாயித்துக்கிழமை நான் பேசுறப்ப யாராவது எழுந்து சத்தம் போட்டா, என்னன்னு சத்தம் போடுவாங்க?" இப்படிக் கேட்டால் அடுத்தவர் பேரில் தங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே, அந்தக் கொச்சையோடு எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தி எழுதினால் கோபம் போய்விடும். கோபம் இல்லாத கேள்விக்குப் பதில் தயாரித்துப் பயனில்லை.

பத்துப் பன்னிரண்டு வரிகள் கிடைக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்கைந்து விஷயங்களில் அடங்கிவிடும். நம் செயலாளருக்கு இப்படிக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்: "வீடு எங்க? எங்கப்பன் காலத்திலேர்ந்து இதே பேச்சுதான்!" "நீ எவ்வளவு வாங்கின?" "ரெண்டு வருஷமா நீ எங்க போயிருந்த?" "கோயிலை இடிக்க விட்டுட்டுப் பேச வந்துட்டான்!" இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தபால் அட்டை அளவுத் தாளில் பதில் எழுத வேண்டும்.

மூன்று வாக்கியம் போதும்

பதிலில் மூன்று வாக்கியங்கள்தாம் இருக்க வேண்டும். சொல்லி முடிக்க இருபது வினாடி. அதற்கு மேல் போனால் அது பதில் அல்ல, இன்னொரு பேச்சு. அதையும் அவர் குறுக்கிடுவார்.

முதல் வாக்கியம், அவர் கேட்டதை எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்வது. அவரிடம் மைக் இல்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஏதோ சத்தம் மட்டும் கேட்டிருக்கும். நீங்கள் அதை மைக்கில் சொல்லும்போது, அவர் கத்திச் சாதிக்க நினைத்ததை நீங்களே செய்து கொடுத்துவிடுகிறீர்கள். மறுபடி கத்த வேண்டிய அவசியம் அவருக்குக் குறைகிறது.

இரண்டாம் வாக்கியம், உண்மை நிலை. கையில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பது மட்டும். "முயற்சி எடுத்து வருகிறோம்", "ஆவன செய்வோம்" என்ற வார்த்தைகள் இங்கே வரக்கூடாது. தோட்டத்து மக்கள் அவற்றைக் கேட்டுச் சலித்தவர்கள்.

மூன்றாம் வாக்கியம், அவருக்கு எப்போது பேச இடம் கிடைக்கும் என்பதும், நீங்கள் எங்கே திரும்பிப் போகிறீர்கள் என்பதும். வீடு பற்றிய அட்டை இப்படி அமையும்:

"வீடு எங்கேன்னு அண்ணன் கேக்குறாரு. இன்னிக்கு என் கையில வீட்டுச் சாவியும் இல்ல, தேதியும் இல்ல. நிறுவனத்துக்கு நாம எழுதின கடிதமும் அவங்க அனுப்பின பதிலும் இருக்கு. பத்து நிமிஷத்தில அதை அப்படியே படிக்கிறேன், படிச்சதும் முதல் மைக் அண்ணனுக்குத்தான். இப்ப இழப்பீட்டுக் கணக்குல இருந்தோம்."

"நியாயமான கேள்வி" என்று ஒரு சான்றிதழை இதில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்த்தாலும் தவறில்லை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அதையே சொன்னால் மூன்றாவது முறை யாரும் நம்பமாட்டார்கள். அதேபோல் "கோபப்படாதீங்க", "அமைதியா இருங்க" என்பவையும் இல்லை. கோபமாக இருப்பவரிடம் கோபப்படாதே என்று சொன்னால் கோபம் ஏறும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அழைக்கும் சொல்லையும் அட்டையிலேயே எழுத வேண்டும். தன்னைவிடப் பெரியவரைத் "தம்பி" என்றால் தொலைந்தோம். ஒத்த வயதுக்காரரை மேடையிலிருந்து "ஐயா" என்றால் கிண்டலாகப் படும். அண்ணன், அக்கா, பெரியப்பா, பாட்டி என்று தோட்டத்தில் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே கூப்பிட வேண்டும். பெயர் தெரிந்தாலும் மைக்கில் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது; கத்தியவர் யார் என்று தெரியாதவர்களுக்கும் ஏன் காட்டிக் கொடுக்க வேண்டும்?

எண்ணைக் கையில் வைத்திருங்கள்

இரண்டாம் வாக்கியத்தில் சொல்ல உண்மை இருக்க வேண்டுமானால், அதை முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். இழப்பீடு பற்றி யாராவது குறுக்கிட்டு "சும்மா கொடுப்பாங்கன்னு சொல்றியே, எவ்வளவு?" என்று கேட்டால் தடுமாறக் கூடாது. 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்த, ஆட்குறைப்பு அனுகூல விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியே ஒரு நாள் சம்பளம்.

2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 20,400; அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 56 வெள்ளி. 25 ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் வீதம் 500 நாள். ஏறக்குறைய 27,900 வெள்ளி. அட்டையில் எழுத வேண்டியது இந்தக் கடைசி எண் மட்டும்: "எவ்வளவுன்னு அக்கா கேக்குறாங்க. மாசம் 1,700 வெள்ளி வாங்கி 25 வருஷம் வேலை செஞ்சவருக்குச் சட்டப்படி குறைஞ்சது 27,900 வெள்ளிக்குப் பக்கம். அவங்கவங்க கணக்கைக் கூட்டம் முடிஞ்சதும் அந்த மேசையில போட்டுக் கொடுப்போம். இப்ப நோட்டீஸ் விஷயத்துக்கு வர்றேன்."

இங்கே ஓர் எல்லையும் உண்டு. அந்த விதிமுறைகள் பணத்தைப் பற்றியவை. வீட்டைப் பற்றியவை அல்ல. கூட்டத்தின் சூட்டில் "வீடும் சட்டப்படி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டால் அன்று கைதட்டல் கிடைக்கும்; அடுத்த கூட்டத்தில் அதே வாக்கியத்தை வைத்தே உங்களை நிறுத்துவார்கள். வீடு பேச்சுவார்த்தையில் வாங்க வேண்டியது என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். தெரியாததற்கும் ஓர் அட்டை வேண்டும்: "இதுக்குப் பதில் எனக்குத் தெரியல. தொழிலாளர் இலாகாவில கேட்டு, கேட்டதைக் கோயில் அறிவிப்புப் பலகையில வெள்ளிக்கிழமைக்குள்ள ஒட்டுறேன்." நாள் குறிப்பிடாமல் இதைச் சொல்லக் கூடாது. குறிப்பிட்டால் ஒட்டியே ஆக வேண்டும்.

வெளியேற்றாமல் பேசிய ஒருவர்

கத்துகிறவரை வெளியே கொண்டுபோய்விட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2013 நவம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் அன்றைய அதிபர் பராக் ஒபாமா குடிநுழைவுச் சட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேடையில் நிற்க வைக்கப்பட்டிருந்தவர்களிலேயே ஓர் இளைஞர், குடும்பங்களைப் பிரித்து நாடு கடத்துவதை நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்தார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பாதுகாவலர்கள் நெருங்கியபோது ஒபாமா, அவர்கள் இருக்கலாம் என்று தடுத்தார். அந்த இளைஞர்களின் உணர்வை மதிப்பதாகச் சொன்னார். அடுத்து, சட்டம் இயற்றாமல் தன்னால் செய்ய முடிந்தால் செய்திருப்பேன், முடியாது என்பதைச் சொன்னார். பிறகு தன் பேச்சுக்குத் திரும்பினார்.

நாம் மேலே எழுதிய மூன்று வாக்கியத்தின் வரிசையேதான் அது: கேட்டுக்கொண்டேன், இதுதான் நிலை, இனித் தொடர்கிறேன். அந்த இளைஞருக்குத் திருப்தி ஏற்பட்டதா என்றால், ஏற்பட்டிருக்காது. ஆனால் பதில் அவருக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லப்படுவது. தோட்டத்திலும் அப்படித்தான். கத்துகிற அண்ணன் சமாதானம் ஆகாமல் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நூறு பேர், அவர் கேள்வி காதில் வாங்கப்பட்டதா என்று பார்க்கிறார்கள்.

அதே ஒபாமா 2015 ஜூனில் வெள்ளை மாளிகை விருந்து ஒன்றில் குறுக்கிட்டவரிடம், இது என் வீடு என்று சொல்லி வெளியே அனுப்பினார். விருந்துக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் செயலாளருக்குப் பொருந்தாது. பெரட்டுக் களம் யாருடைய வீடு?

"எவ்வளவு வாங்கின?"

இனி விஷமமான குறுக்கீடு. எதிர்த் தரப்பு அனுப்பிய ஆளாகவும் இருக்கலாம்; உண்மையாகவே சந்தேகப்படுகிறவராகவும் இருக்கலாம். மேடையிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "உன்னை யார் அனுப்புனாங்கன்னு தெரியும்" என்ற வாக்கியத்தை வாழ்நாளில் சொல்லவே வேண்டாம். சந்தேகப்பட்டவரைக் கைக்கூலி ஆக்கிவிடுவீர்கள்.

"நான் பணம் வாங்கவில்லை" என்று மறுப்பதும் நல்லதல்ல. பின்வரிசைக்குக் காற்றில் போய்ச் சேருவது "பணம்", "வாங்க" என்ற இரண்டு சொற்கள்தாம். குற்றச்சாட்டின் சொல்லை மைக்கில் திரும்பச் சொல்லாமல், அதற்குள் இருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். "எவ்வளவு வாங்கின?" என்பதற்குள் இருக்கும் கேள்வி, இந்தக் குழுவின் செலவை யார் பார்க்கிறார்கள் என்பது. ஆகவே அட்டை இப்படி:

"குழுவோட செலவு யார் பார்க்கிறாங்கன்னு ஒரு கேள்வி வந்திருக்கு. மைக்செட் கோயில் கமிட்டியோடது, நாற்காலி வாடகையைக் குழுவில ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுக் கட்டினோம். ரசீது மேசை மேல இருக்கு, யாரும் பார்க்கலாம். கோயில் நிலத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்..."

ரசீது உண்மையிலேயே மேசைமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த அட்டையை எழுத வேண்டாம்.

குடித்துவிட்டு வந்தவரின் விஷயம் சுலபம். அவருக்குப் பதில் கிடையாது. மேடையிலிருந்து ஒரு சொல்லும் வேண்டாம். அவருடைய மைத்துனரோ கூட்டாளியோ தோள்மேல் கை போட்டுத் தேநீர் குடிக்க அழைத்துப் போகட்டும். யார் போவது என்பதை மட்டும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

எல்லாச் சத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது அங்கே மட்டுமே கேட்டது என்றால் தொடர்ந்து பேசுங்கள். இரண்டாம் முறை வந்தாலோ, கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாலோ அப்போது அட்டையை எடுங்கள். தலைகள் திரும்புவதுதான் அடையாளம்.

கூட்டத் தலைவரின் பங்கு

மூன்றாவது முறையும் அதே ஆள் குறுக்கிட்டால் பேச்சாளர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பேச வேண்டியவர் கூட்டத் தலைவர். பேச்சாளரே கேள்விக்குப் பதிலும் சொல்லி, கூட்டத்தை அடக்கவும் செய்தால், அடக்கியதாக மட்டும்தான் நினைவில் நிற்கும். தலைவருக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள்: "பேசுறவருக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. அது முடிஞ்சதும் முதல் கேள்வி நம்ம அண்ணனோடது, ரெண்டு நிமிஷம் அவருக்கு. அதுவரைக்கும் எல்லாரும் கேக்குறதுக்கு இடம் கொடுப்போம்." எட்டு நிமிடம் என்று சொன்னால் எட்டே நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் மறுபடி சத்தம் வந்தால் நியாயம் அவர் பக்கம்.

கல்லோ நாற்காலியோ பறந்தால், யாராவது மேடை ஏறினால், இந்த அட்டைகளுக்கு அங்கே வேலையில்லை. விளக்குகளை எல்லாம் போட்டு, கூட்டத்தை முடித்துவிட்டதாகச் சொல்லி, பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்ப வேண்டும்.

"கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்றால், அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1905 அக்டோபர் 13ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் லிபரல் கட்சிக் கூட்டம். சர் எட்வர்ட் கிரே பேசினார். கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட், ஆனி கென்னி என்ற இரு பெண்கள், பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு மேடைக்குப் போனது, பதில் வரவில்லை. மறுபடி எழுந்து கேட்டபோது இருவரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அதுவரை இயக்கத்தைக் கண்டுகொள்ளாத பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. "பரிசீலிப்போம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூட அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும்! சீட்டு வாங்கினால் வாங்கிய சீட்டை எல்லோர் முன்னாலும் படித்தாக வேண்டும்.

ஒத்திகை

அட்டைகளைச் சனிக்கிழமை இரவு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனத்திற்குள் படித்தால் எழுத்துத் தமிழ் தெரியாது. வாய்விட்டுப் படித்தால் "அனுகூலங்கள் வழங்கப்படும்" என்பது நாக்கில் இடறும். இடறினால் மாற்றி எழுதுங்கள்.

பிறகு இரண்டு நண்பர்களை மண்டபத்தின் கடைசியில் நிறுத்தி, அந்த ஐந்து பேர் சொன்ன வரிகளை அதே கோபத்தோடு கத்தச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கத்துவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கத்தியவுடன் மூன்று செய்கைகள்: வாயை மூடுவது, மைக்கிலிருந்து அரை அடி பின்னால் போவது, இரண்டு மூச்சு விடுவது. மைக்கை ஒட்டிக்கொண்டு குரலை உயர்த்தினால் நம் வாடகை மைக்செட்டில் குரல் உடைந்து கரகரக்கும். அதன்பின் நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் கத்தியதாகத்தான் கேட்கும். இரண்டு மூச்சுக்குப் பிறகு, முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் அட்டையின் முதல் வாக்கியம்.

ஒத்திகையில் பெரும்பாலும் தவறுவது மூன்றாம் வாக்கியத்தின் கடைசிப் பகுதி. பதில் சொல்லிவிட்டு, விட்ட இடம் மறந்து, "எங்க விட்டேன்?" என்று தாளைப் புரட்டுவார்கள். அந்த ஐந்து வினாடி இடைவெளியில் அடுத்த குரல் எழும்பும். பேச்சுத் தாளின் ஓரத்தில் பத்திக்குப் பத்தி, "இழப்பீடு", "நோட்டீஸ்", "கோயில் நிலம்", "பள்ளி" என்று ஒவ்வொரு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, கட்டை விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்துக்கொண்டே பேசினால் போதும். தொலைக்காட்சி நிலையத்திலும் எழுத்துத்திரை நின்றுபோனால் எங்களைக் காப்பாற்றுவது கையில் இருக்கும் தாளும் அந்தக் கட்டை விரலும்தான்.

கூட்டம் முடிந்து அந்த அண்ணன் மைக்கைப் பிடித்தால், தலைவர் கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். செயலாளர் அப்போது எழுதிக்கொண்டிருக்க வேண்டும். தலையசைத்துக்கொண்டோ குழுவினரிடம் குசுகுசுத்துக்கொண்டோ இருக்கக் கூடாது. எழுதியதில் தேதி போட்டுப் பதில் சொல்ல வேண்டியவை எவை என்று அங்கேயே படித்துக் காட்டலாம். அறிவிப்புப் பலகையில் வெள்ளிக்கிழமை ஒட்டும் தாளில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். அதன் ஒரு பிரதியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.